பதிவாகாத பதினாலாம் டோக்கன்

ஸ்ரீரங்கத்தில் தெருக்களை அகலப்படுத்தும் வரைவுத் திட்டத்துக்கு கூட்டம் போட்டு மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். அந்தக் கூட்டத்தின் ஒலிப்பதிவைக் கேட்டுச் சுருக்கம் எழுதும் வேலை எனக்கு. திருச்சி அலுவலகத்தில் நான் ஒப்பந்த ஊழியர். கூட்டத்துக்கு நான் போகவில்லை.

யார் பேசினார் என்று வரிசையாக எழுதக்கூடாது. என்ன வாதம் என்று பிரிக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரும், வியாபாரம் பெருகும் என்றவர்கள் ஆதரவில். வீடு போகும், மரம் போகும் என்றவர்கள் எதிர்ப்பில். ஒவ்வொரு தலைப்புக்கும் திட்டக் குழு ஒரு பதில் எழுதும். சுருக்கத்தில் இல்லாத வாதத்துக்குப் பதிலே கிடையாது.

முடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மதியம் சரிபார்க்கும்போது ஓரிடத்தில் நிறுத்தி மறுபடி கேட்டேன். கடைக்காரர் ஒருவர் ரோடு வேண்டும் என்று பேசி முடிக்கிறார். உடனே பூ விற்கும் ஒரு பெண்மணி, "அந்த அக்கா சொன்னதேதாங்க எனக்கும்" என்கிறார். அவரையும் ஆதரவில் போட்டிருந்தேன். அக்காவா? முன்னால் பேசியது ஆம்பளை ஆயிற்றே.

பேச வந்தவர்களின் டோக்கன் பதிவேட்டைப் புரட்டினேன். கடைக்காரர் பதின்மூன்று. பூக்காரம்மா பதினைந்து. ஒலிப்பதிவில் பதினாலு எங்கே? பதின்மூன்றுக்குப் பிறகு மைக் பேட்டரி மாற்றியதாக ஓரக்குறிப்பு; அப்போது ரெக்கார்டரையும் நிறுத்தியிருக்கிறார்கள். பதிவேட்டில் பதினாலுக்கு நேரே இருந்த போன் நம்பருக்கு அடித்தேன்.

"பேசினேனே! மைக்கே இல்லாம தொண்டை கிழியக் கத்தினேன். ரோட்ட அகலமாக்கி ஒசத்துனா எங்க சந்து பள்ளமாயிடும், மழைத்தண்ணி எல்லாம் வீட்டுக்குள்ளதான் வரும்னு. பூக்காரம்மா வீடு இன்னும் தாழ. எழுதலையா நீங்க?"

"இப்பவே பாக்கறேன்க்கா" என்று போனை வைத்தேன்.

அதிகாரியிடம் ஓடினேன். "பதிவுல இல்லாதத எப்படிம்மா எழுதுவ? அஞ்சு மணிக்கு ஃபைல் போகணும். விடு."

விடுவதா? என் ஒரு வரியால் பூக்காரம்மா தன் வீட்டில் தண்ணீர் ஏறுவதற்குத் தானே சம்மதம் சொன்னது போல ஆகியிருக்கும்.

எழுத்து மனுவுக்கும் அன்று மாலை ஐந்து வரை அவகாசம் இருந்தது. மறுபடி அடித்தேன். "அக்கா, சொன்னத அப்படியே ஒரு தாள்ல எழுதி, நீங்களும் பூக்காரம்மாவும் கையெழுத்துப் போட்டு உடனே கொண்டாங்க."

நாலரை ஆச்சு. வரவில்லை. போன் எடுக்கவில்லை. காவேரிப் பாலத்தில் பஸ் நிற்கிறதோ என்று வாசலுக்கும் நாற்காலிக்கும் நடந்தேன். ஐந்துக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது இருவரும் மூச்சு வாங்க வந்தார்கள். பூக்காரம்மா என்னை முறைத்தார். "நான் ரோடு வேணும்னா சொன்னேன்? காதுல என்ன வச்சிருக்கீங்க?"

"தப்பு என்னோடதுதாம்மா" என்றேன்.

மனுவில் முத்திரை வாங்கினேன். பதினைந்தை ஆதரவிலிருந்து எடுத்தேன். மழைநீர் வடிகால் என்று எதிர்ப்பில் புதுத் தலைப்புப் போட்டேன். பதினாலின் பேச்சு பதிவாகவில்லை, மனு இணைப்பில் என்றும் குறித்தேன்.

அதிகாரி பார்த்துவிட்டு, "மழைத்தண்ணிக்குன்னு தனித் தலைப்பா? வீடு போகுதுங்கிறதுலயே சேத்துடு" என்றார்.

"வீடு போகல சார், தண்ணி வருது. அதுக்குத் தனியா பதில் சொல்லட்டும்."

முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டார். குழு என்ன பதில் எழுதப்போகிறதோ தெரியாது. அன்றிலிருந்து மழை பெய்தால் எனக்கு அந்தச் சந்துதான் ஞாபகம்.