சொல்லிவிட்டுப் போனவர்

அடம்பன் தபால் கந்தோரில் வேலை செய்தவர் அவர். கறுத்து மெலிந்த உருவம். எதையாவது சொல்வதற்கு முன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். கலியாணப் பேச்சில் எங்கள் மன்னார் வீட்டுக்கு இரண்டு முறை வந்து என்னோடு கதைத்திருந்தார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

மூன்றாவது முறை தனியாக வந்தார். வழியில் இராணுவச் சோதனைச் சாவடியில் மூன்று மணித்தியாலம் மறித்து வைத்தார்களாம். அம்மா தேத்தண்ணி போட உள்ளே போனதும் கண்ணாடியைத் துடைத்தார்.

"உங்களிலை ஒரு குறையும் இல்லை. நல்லாக் கதைச்சனீங்கள். ஆனா எனக்கு மனம் ஒட்டேல்லை. இந்தப் பேச்சை இதோடை நிப்பாட்டுவம்."

முகம் சுட்டது. "இன்னும் ஒருக்காக் கதைச்சுப் பாப்பமோ?" என்றேன்.

"ஓம் எண்டு சொன்னா உங்களை வீணாக் காக்க வைக்கிறதாப் போகும். அது சரியில்லை."

"ஒரு கடிதம் போட்டிருக்கலாமே?"

"கடிதம் வந்து சேருமோ தெரியாது. நானும் வராமல் விட்டா, ஆமி பிடிச்சிட்டுதோ எண்டு தேடுவியள்."

அம்மாவிடமும் அவரே சொன்னார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுச் சைக்கிளில் ஏறினார். பிறகு பார்க்க வரவில்லை. நல்ல சிநேகிதராக இருப்போம் என்றும் சொல்லவில்லை.

அன்று அழுதேன். ஆனால் அவர் வருவாரோ என்று வாசல் படலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த வருடம் கலியாணம் பேசி வந்த வேறொருவரிடம் எனக்கு மனம் ஒட்டாதபோது, நானே நேரில் போய்ச் சொன்னேன். அந்த மனிதர், "வந்து சொன்னதுக்கு நன்றி, பிள்ளை" என்றார்.