கிடங்கு வௌவால்களுக்குக் கண் இருந்தது

மல்லசமுத்திரம் பக்கம் ஒரு பழைய கடலைக்காய்க் கிடங்கில் வௌவால்களின் ஒலியைப் பதிவு செய்வது அந்த ஆண்டு என் வேலை. நான் மின்னணுவியல் படித்தவள். வயலில் பூச்சி தின்னும் வௌவால்களைப் பற்றிய ஆய்வு ஒன்றுக்கு, கருவிகளைப் பொருத்தவும் ஒலியைப் பிரித்துப் பார்க்கவும் ஆள் தேவைப்பட்டது. என்னை எடுத்துக்கொண்டார்கள். சேலத்தில் அம்மாபேட்டையிலிருந்து வண்டியில் போய்வருவேன். அங்கே என்னை யாரும் வரவேற்கவில்லை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

கிடங்கு ஒரு அக்காவுடையது. கணவர் லாரியோடு பாதி மாதம் வெளியூரில் இருப்பார். பக்கத்து நிலம் அந்தக் கணவரின் பங்காளியுடையது. அவர் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருந்தார். இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று பல காலம் ஆகிறது. ஈயும் நாற்றமும் தாங்கவில்லை என்று அக்கா ஊராட்சியில் புகார் கொடுத்தார். பண்ணைக்காரர் பதிலுக்கு எல்லை நெடுக, கிடங்கின் பின்பக்கச் சந்து ஓரமாக, வழவழப்பான தட்டைத் தகர ஷீட்டுகளை ஆள் உயரத்துக்கு மேல் நிறுத்தினார். கூடவே தன் கொட்டகை மூலையில் ஒரு பெரிய எல்.இ.டி. ஃபோகஸ் விளக்கைப் பொருத்தி, கிடங்கின் முன்வாசலைப் பார்த்துத் திருப்பிவைத்தார். யார் வருகிறார்கள், போகிறார்கள் என்று பார்ப்பதற்காம். அந்த முன்வாசல் வழியாகத்தான் வௌவால்கள் அதுவரை வெளியே போய்க்கொண்டிருந்தன.

அடுத்த வாரமே ஷீட்டுக்குக் கீழே வௌவால்கள் செத்துக் கிடந்தன. காலையில் பெருக்கப் போன அக்கா பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். நான் போய் இறங்குவதற்குள் இரண்டு பக்கமும் கூட்டம்.

"மருந்து வெச்சுட்டாங்க. அவங்ககிட்டக் கேளு புள்ள, எலி மருந்தா, கோழிக்கு வெக்கற மருந்தான்னு," என்றார் அக்கா. பண்ணைக்காரர் நான்கடி தள்ளித்தான் நின்றிருந்தார்.

அவரும் என்னைப் பார்த்தே பேசினார். "அவங்ககிட்டச் சொல்லும்மா, அது நோவு வந்து சாவுது. புதுக் குஞ்சு வண்டி வரப் போவுது. அதுக்குள்ள கிடங்குக்குப் புகை போட்டு ஓட்டையெல்லாம் பூசியாவணும். இல்லீன்னா நானே போடுவேன்."

அது குட்டி போட்டுப் பால் கொடுக்கும் பருவம். பறக்கத் தெரியாத குட்டிகள் உள்ளே சுவரில் தொங்கிக்கொண்டிருந்தன. புகை போட்டால் அவை அப்படியே சாகும். இதைச் சொன்னேன். குட்டிக்கு ஒரு கணக்கு, என் கோழிக்கு ஒரு கணக்கா என்று கேட்டார். அவர் பயம் பொய்யில்லை. கொட்டகையில் நோய் புகுந்தால் அவருக்கு மிஞ்சுவது எதுவுமில்லை.

கையுறை போட்டுச் செத்தவற்றை எடுத்து அரசுக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். தாடையும் இறக்கை எலும்பும் உடைந்திருக்கின்றன, எதிலோ மோதிச் செத்தவை மாதிரி இருக்கிறது, நோய் இருக்கிறதா இல்லையா என்பதைச் சோதனை செய்துதான் சொல்ல முடியும் என்றார் அவர். வெறுங்கையால் யாரும் தொட வேண்டாம் என்றும் சொல்லியனுப்பினார். இதைக் கேட்ட பண்ணைக்காரர் சிரித்தார். "மோதிச் செத்துச்சா? பின்ன, குருடு மோதாம என்ன செய்யும்?"

நான் மனத்துக்குள் வரிசைப்படுத்திக்கொண்டேன். மருந்து என்றால் அங்கங்கே விழுந்திருக்கும், இவை ஷீட்டின் அடியில் மட்டும் விழுந்திருக்கின்றன. நோய் என்றால் கிடங்குக்குள்ளும் விழுந்திருக்க வேண்டும், உள்ளே ஒன்றுகூட இல்லை. மிஞ்சுவது ஷீட். ஆனால் நூல் போன்ற கம்பியைக்கூட இருட்டில் தவிர்த்துப் போகும் பிராணி இவ்வளவு பெரிய சுவரில் ஏன் மோதவேண்டும்?

அன்று பொழுது சாய்ந்ததும் கருவியோடு சந்தில் நின்றேன். வௌவால் வாயால் எழுப்பும் சத்தம் நம் காதுக்கு எட்டாத அளவு கூர்மையானது. கருவி அதைத் தணித்து, நமக்குக் கேட்கும்படி டிக் டிக் என்று தரும். சத்தம் போய், எதிரில் இருப்பதில் பட்டு, எதிரொலியாகத் திரும்புகிறது. திரும்ப எடுக்கும் நேரத்தை வைத்துத் தூரம் தெரியும். இரண்டு காதிலும் அது விழுவதில் உள்ள வேறுபாட்டை வைத்துத் திசை தெரியும். பூச்சியை நெருங்க நெருங்க டிக் டிக் நெருக்கமாகும். கடைசியில் துணி கிழிவதுபோல ஒரே இழுப்பாகி, சட்டென்று நிற்கும். பூச்சி வாயில்.

சந்தில் நான் கேட்டது வேறு. பின்பக்கத்து உடைந்த ஜன்னல் வழியாக வெளியே வந்தவை ஷீட்டை நோக்கிச் சாய்வாகப் பறந்தன. அவற்றின் டிக் டிக் கடைசிக் கணம் வரை நெருங்கவேயில்லை. வெட்டவெளியில் பறப்பதைப்போல நிதானமாக வந்து, தகரத்தில் பொத்தென்று ஒரு சத்தம். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சொரசொரப்பான சுவர் சத்தத்தை நாலாபக்கமும் சிதறவிடும், அதில் கொஞ்சமாவது வௌவாலிடம் திரும்பும். இந்த ஷீட் கண்ணாடி மாதிரி. சாய்வாக வரும் சத்தத்தை அப்படியே எதிர்ப்பக்கம் தள்ளிவிடுகிறது. வௌவாலின் காதுக்கு அங்கே சுவர் இல்லை, வழி இருக்கிறது.

மறுநாள் இதைப் பண்ணைக்காரரிடம் விளக்கப் போனேன். தன் முட்டை லோடு ஆட்களோடு உட்கார்ந்து கேட்டார். காட்டிப் புரியவைக்கலாமென்று, சாயங்காலம் கொட்டகை வெளியில் இரைதேடிக்கொண்டிருந்த வௌவால்களுக்கு முன்னால் ஒரு சிறு கல்லை மேலே வீசினேன். ஒன்று வளைந்து கல்லைத் துரத்திக் கிட்டே வந்து, விலகிப் போனது. கருவியில் டிக் டிக் நெருங்கியதும் எல்லோருக்கும் கேட்டது.

ஆட்கள் சிரித்தார்கள். "கண்ணு இருந்தா கல்லைப் போயி பூச்சின்னு தொரத்துமா? நீயே காட்டிட்ட பாரு, குருடுன்னு," என்றார் பண்ணைக்காரர். "சேலத்துல இதுக்குத்தான் படிக்க வெச்சாங்களா?"

இருட்டில் அந்த அளவுக் கல்லை உங்கள் கண்ணாலும் பார்க்க முடியாது என்றேன். சிறியது, பக்கத்தில் இருப்பது, இருட்டில் பறப்பது, இதற்கெல்லாம் அதற்குக் காது. பெரியது, தூரத்தில் இருப்பது, வானத்தின் வெளிச்சம், மரத்தின் உருவம், இதற்குக் கண். இரண்டும் அதனிடம் இருக்கின்றன என்றேன். அப்படியென்றால் அந்தக் கண்ணால் இவ்வளவு பெரிய ஷீட் தெரியவில்லையா என்று ஒரு ஆள் கேட்டான். அது நல்ல கேள்வி. சந்து கிடங்கு நிழலில் கும்மிருட்டாக இருந்தது என்பதுதான் பதில். அடுத்த கேள்வியை நானே எனக்குக் கேட்டுக்கொண்டேன். வழக்கமான முன்வாசலை விட்டுவிட்டு அவை ஏன் அந்த இருட்டுச் சந்துக்கு வந்தன?

"ஐயா, உங்க விளக்குதான் காரணம்," என்றேன். "வாசல்ல வெளிச்சம் அடிக்குது. அதைப் பாத்துத்தான் பின்பக்கம் திரும்புது."

"குருட்டுக்கு லைட்டு அடிச்சா என்ன, அடிக்காட்டி என்ன?"

"ஒரு சாயங்காலம் நிறுத்திப் பாருங்க. முன்னால வரலீன்னா நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்."

அவர் யோசித்தார். என்னைப் பொய்க்காரியாக்க ஊர் முன்னால் ஒரு வாய்ப்பு என்பது அவருக்குப் பிடித்திருந்தது. "வரலீன்னா அடுத்த நாளே புகை," என்றார். அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் என்மேல்தான் பாய்ந்தார். நான் கருவியைத் தூக்கிக்கொண்டு வராமல் இருந்தால் இந்தக் கிடங்கை யாரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்களாம், இப்போது என் வாய்ச்சவடாலுக்கு அவர் சொத்து பந்தயமாம்.

அன்று பொழுது இறங்கும்போது விளக்கு அணைந்தது. கிடங்கு முன்னால் ஊரே நின்றது. பண்ணைக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வானத்தின் வெளுப்பு மங்கி, வௌவால்கள் வெளிவரும் நேரமும் வந்தது. ஒன்றும் வரவில்லை. கருவியில் உள்ளிருந்து டிக் டிக் கேட்டது. வாசல்வரை வந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. பின்பக்கம் காவலுக்கு விட்டிருந்த ஆள், இங்கே இரண்டு வந்துவிட்டது என்று கத்தினான்.

"பாத்துட்டோம் சாமி. கெளம்பு," என்றார் பண்ணைக்காரர்.

நான் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தேன். முகத்துக்கு முகம் வெளிச்சமாக இருந்தது. வீடியோ எடுக்க எல்லோரும் போன் டார்ச்சை வாசலைப் பார்த்துப் பிடித்திருந்தார்கள். அணைக்கச் சொன்னேன். முணுமுணுத்தார்கள். குருட்டு வவ்வாலுக்கு இம்புட்டு மரியாதையா என்று யாரோ சொல்ல, சிரிப்பு. பண்ணைக்காரர் கையை ஆட்டியதும் ஒவ்வொன்றாக அணைத்தார்கள்.

முதலில் ஒன்று வந்தது. பிறகு நாலைந்து. அப்புறம் வாசலிலிருந்து புகை சுருள்வதுபோல வரிசையாக வெளியேறி, எங்கள் தலைக்கு மேலே வாய்க்கால் மரங்களை நோக்கிப் போயின. பண்ணைக்காரர் எழுந்து தன் கொட்டகைப் பக்கம் போனார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. வாசலில் வந்துகொண்டிருந்தவை அப்படியே சுழன்று உள்ளே திரும்பின. அணைத்தார். மறுபடி வந்தன. எரியவிட்டார். மறுபடி திரும்பின. சுவிட்சில் கை வைத்தபடி அவர் அதைச் செய்துகொண்டேயிருந்தார். கடைசியில் நான்தான் போதும் என்றேன்.

திரும்பி வந்தவர் முகத்தில் தோற்ற களை எதுவும் இல்லை. "கண்ணு இருக்குது. சரி. நோவு இல்லீன்னு எவன் சொன்னான்?"

பரிசோதனை முடிவு வரட்டும், அதுவரை இரண்டைச் செய்யுங்கள் என்றேன். விளக்கைத் தரையைப் பார்த்துத் திருப்ப வேண்டும். ஷீட்மேல் தென்னந்தட்டி சாய்த்துவைக்க வேண்டும், அதன் சொரசொரப்பில் சத்தம் சிதறித் திரும்பும், சுவர் இருப்பது தெரியும். ஷீட் தன்னுடையது, தட்டி அவங்க செலவு என்றார் அவர். ஷீட்டே அவங்க வெச்சது, தட்டி நான் எதுக்குக் கட்டணும் என்றார் அக்கா. இருவரும் என்னையே பார்த்துச் சொன்னார்கள். பிறகு அக்கா தன் தோப்பில் விழுந்து கிடந்த மட்டைகளைத் தானே முடைந்து, யாரையோ வைதுகொண்டே சாய்த்துவைத்தார். விளக்கும் தாழ்ந்தது.

சோதனையில் நோய் எதுவும் தெரியவில்லை என்று மருத்துவர் போனில் சொன்னபோது, ஷீட்டடியில் புதிதாக எதுவும் விழாமலிருந்தது. குஞ்சு வண்டி வந்து போனது. புகை போடவில்லை. சோதனை முடிவைச் சொல்லப் போன என்னிடம் அக்கா கிடங்குச் சாவியைத் தரவில்லை. "உன் வேலை முடிஞ்சுதில்ல? இனி பதிவு கிதிவுன்னு வராத சாமி. அந்தப் பக்கம் என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு வந்து சொல்ற ஆளு எனக்கு வேண்டாம்."

பண்ணைக்காரரும் தன் நிலத்தில் வண்டி நிறுத்தக் கூடாது என்று ஆள்விட்டுச் சொன்னார். இரண்டு பேரும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை என்று அந்த ஆளே சொல்லிச் சிரித்தான். மிச்சப் பதிவை வாய்க்கால் ஓரத்து ஊராட்சிச் சாலையில் நின்று முடித்தேன். அங்கே ஒலி கொஞ்சம் மங்கலாகத்தான் கிடைத்தது. குட்டிகள் தாய்களோடு பறக்கத் தொடங்கிய வாரம், தலைக்கு மேலே போன கூட்டத்தில் தடுமாறிய, ஒழுங்கில்லாத டிக் டிக் பல கேட்டன. அவற்றைத் தனிக் கோப்பில் போட்டு, வண்டியைக் கிளப்பினேன்.