காரணம் சொன்னால்தான் அடுத்த படி

எங்கள் நர்சிங் பள்ளியின் டியூட்டர் மேடம் நாகர்கோவில்காரர். வகுப்பில் ஆங்கிலம், வார்டில் இந்தி, கோபம் வந்தால் மட்டும் ஊர்த் தமிழ். அதிலும் குரல் எவ்வளவு மெதுவாக வருகிறதோ அவ்வளவு ஆபத்து. ஒரே ஆளைப் பார்த்து "மக்களே" என்று கூப்பிட்டார் என்றால் அன்றைக்கு நம் கதை முடிந்தது.

புண்ணுக்குக் கட்டுப் போடுவதை நாங்கள் ஒவ்வொருவராக வகுப்பின் முன் செய்து காட்ட வேண்டும். மேஜையில் வெளிறிய ரப்பர் கால் ஒன்று இருக்கும். முழங்காலுக்குக் கீழே, அறுவை செய்து தையல் போட்ட மாதிரி ஒரு நீளக் கோடு. ஒவ்வொரு படியையும் செய்யும்போது மேடம் "காரணம்?" என்பார். சொன்னால் அடுத்த படி. சொல்லாவிட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு உட்கார வேண்டியதுதான். தேறினால் திங்கட்கிழமை முதல் அறுவை வார்டில் நோயாளிகளுக்கு நாமே கட்டுப் போடலாம். தேறாவிட்டால் அடுத்த குழுவோடு மறுபடி. அதுவரை மற்றவர்களுக்கு மருந்துத் தட்டு தூக்கும் வேலை. நான் ஏற்கெனவே போதுமான தட்டு தூக்கியிருந்தேன். வார்டில் பாதிப் பேர் என்னைக் கேன்டீன் பையன் என்றே நினைத்து டீ கேட்டார்கள். நானும் ஓரிரு முறை வாங்கிக் கொடுத்தேன்; அது வேறு விஷயம்.

தாராவியில் எங்கள் வீட்டுக்குக் கீழேதான் அக்காள் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் ரெக்சின் பை தைக்கும் பட்டறை. அத்தானுடைய காலைத்தான் ஒத்திகைக்கு எடுத்துக்கொண்டேன். பிளாஸ்டிக் ஸ்டூலில் காலை நீட்டிக்கொண்டு, ஒரு கையில் வடாபாவுடன், நோயாளிக்குரிய எந்த அடக்கமும் இல்லாமல் உட்கார்ந்திருப்பார். வடாபாவின் சிவப்புச் சட்னியைத் தொட்டு அவரே தன் காலில் புண் வரைந்துகொள்வார்.

"ஏ மாப்ள, கை கழுவிட்டுத்தான கையுறய மாட்டுத? கழட்டுன பொறவு எதுக்குத் திரும்பக் கழுவணும்? உள்ள என்ன சேறா கெடக்கு?"

"உறையில கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கலாம் அத்தான். கழட்டுறப்ப வெளியில இருக்கது கையில படவும் செய்யும்."

"கண்ணுக்கே தெரியலங்குத. அப்பம் அது அங்க இருக்குன்னு ஒனக்கு எவன் சொன்னான்?"

"யாரும் சொல்லல. இருக்கா இல்லையான்னு சந்தேகம் வந்தா, இருக்குன்னே வச்சுக்கிடணும். அதான் சட்டம்."

அத்தான் வடாபாவை மென்றபடி யோசித்தார். "அப்பம் ஒங்க அக்கா மாதிரின்னு சொல்லு. வீட்டுல எங்க நிக்கான்னே தெரியாது. ஆனா நாம பேசுறது பூராவும் காதுல விழுந்துரும்."

உள்ளேயிருந்து அக்காள், "எல்லாம் விழுது, பேசுங்க பேசுங்க" என்றாள். அதைவிட நல்ல விளக்கம் எந்தப் பாடப்புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

இப்படி வீடு முழுக்கக் கேள்வி கேட்டுக் கேட்டு எனக்கு வாய் நன்றாகப் பழகிவிட்டது. செய்து காட்டும் நாள் காலையில் சயானில் ரயிலேறி, குர்லாவில் இறங்கி ஹார்பர் லைனுக்கு மாறும்போதுகூட, நெரிசலில் இரண்டு கைகளையும் மார்புக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தேன். உறை மாட்டிய கை இடுப்புக்குக் கீழே போகக் கூடாது, பார்வையிலிருந்து போனதைச் சுத்தம் என்று நம்ப முடியாது என்பது பாடம். பக்கத்தில் இருந்தவர் நான் சரணடைகிறேன் என்று நினைத்துத் தள்ளி நின்றார். மும்பை ரயிலில் ஒருவர் தள்ளி நிற்பது சாதாரண விஷயமா? அப்போதே தெரிந்துவிட்டது, இன்றைக்கு நம் நாள்.

முகக்கவசம் போட்டு, கை கழுவி, ரப்பர் காலிடம் "ஐயா, இப்போ கட்டு மாத்தப் போறேன், வலி எப்படி இருக்கு?" என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை.

"காரணம்?"

"என்ன நடக்கப் போகுதுன்னு தெரிஞ்சா பயம் குறையும், ஒத்துழைப்பாங்க மேடம். வலி அதிகமா இருந்தா டாக்டர் எழுதின மருந்தை முன்னாடியே குடுத்து, அது வேலை செய்ய நேரம் விட்டுத்தான் தொடணும்."

மின்விசிறியை நிறுத்தினேன்.

"வேர்க்குமே. காரணம்?"

"காத்துல தூசி பறக்கும். தூசியோட கிருமியும் வந்து திறந்த புண்ணுல உக்காரும்."

சாதாரண உறை மாட்டிப் பழைய கட்டைப் பிரித்தேன். ஒட்டியிருந்த இடத்தை உப்புநீரால் நனைத்தேன். பிடுங்கினால் புதிதாக வளர்ந்த சதையும் சேர்ந்து கிழியும். கட்டில் கசிவின் அளவு, நிறம், வாடை பார்த்தேன்; சீழ் பிடிக்கிறதா என்பதை முதலில் சொல்வது அதுதான். ரத்தம், கசிவு பட்ட கட்டு மஞ்சள் பையில், உறை சிவப்புப் பையில். மறுபடியும் கையைச் சுத்தம் செய்தேன். "இப்பதான கழுவின?" என்று மேடம் கேட்டபோது எனக்கு அத்தானின் குரலே கேட்டது. பதில் சரளமாக வந்தது.

அடுத்தது, நீராவியில் கிருமி நீக்கிய பொட்டலம். அதன் முதல் மடிப்பை என்னைவிட்டு அப்பால் தள்ளிப் பிரித்தேன்.

"ஏன் அந்தப் பக்கம் முதல்ல?"

"என் பக்கம் முதல்ல திறந்தா, அந்தப் பக்கத்த திறக்க என் கை சுத்தமான இடத்துக்கு மேல தாண்டிப் போகணும் மேடம். சட்டைக் கையில இருக்கது உள்ள விழும்."

அவர் தலையை அசைத்தார். அந்தத் தலையசைப்பு எனக்குப் பத்மஸ்ரீ. கிண்ணத்தில் உப்புநீர் ஊற்றினேன். ஏன் ஸ்பிரிட் இல்லை என்றார். வளர்ந்து வரும் செல்லையும் அது கொன்றுவிடும், உப்புநீர் உடம்பின் உப்புக்கு ஒத்தது என்றேன். கிருமி நீக்கிய உறையை மாட்டி, இடுக்கியால் பஞ்சை எடுத்தேன். தையல் கோட்டை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு, பஞ்சைப் போடு; பக்கத்துத் தோலுக்கு வேறு பஞ்சு.

அப்போதுதான் பின் பெஞ்சிலிருந்து என் தோழி கத்தினாள். மும்பையிலேயே, சீத்தா கேம்ப் பகுதியில் பிறந்து வளர்ந்தவள்; தமிழ் பேசுவாள், எழுதச் சொன்னால் அழுவாள். "ஆவாஸ் நஹீ ஆ ரஹா! என்ன சொல்றன்னு கேக்கவே இல்ல பா!"

கேட்கவில்லையா? இவ்வளவு நல்ல பதில்கள், பின் பெஞ்சுக்குப் போய்ச் சேராமலா? முகக்கவசத்தைத் தாடைக்கு இழுத்துவிட்டு, குரலை உயர்த்தினேன்.

"ஒரு பஞ்சு, ஒரு இழுப்பு! இது சிங்கிள் டிக்கெட், ரிட்டர்ன் கிடையாது! திரும்பி வந்தா, தோலுல துடைச்ச அழுக்கையே புண்ணுக்குள்ள ஏத்திவிட்ட மாதிரி!"

வகுப்பே அதிர்ந்தது. எனக்குக் கைதட்டல் வேறு. நான் அடுத்த பஞ்சை எடுக்கப் போனேன்.

"மக்களே," என்றார் மேடம், மிக மெதுவாக. "இப்ப செஞ்சியே ஒண்ணு. அதுக்குக் காரணம்?"

"சுத்தமான இடத்துலேர்ந்து அழுக்கு இடத்துக்கு..."

"அது இல்ல. அதுக்கு முன்னாடி."

முன்னாடி என்ன செய்தேன்? இடுக்கியைப் பார்த்தேன், நுனி கீழ்நோக்கி, ஒழுங்காக இருந்தது. கையைப் பார்த்தேன், இடுப்புக்கு மேலே. பொட்டலத்தின் ஓரத்தைத் தொட்டேனா? இல்லை. ரப்பர் காலைப் பார்த்தேன், அது உதவவில்லை. திங்கட்கிழமை தட்டோடு நடக்கும் நான் என் கண் முன்னாலேயே போனேன்.

கோவிட் வந்ததிலிருந்து இந்த ஊரில் எல்லோருக்கும் ஒரு பழக்கம். பேச வேண்டுமென்றால் முகக்கவசத்தை முதலில் கீழே இழுப்பது. கண்டக்டர், வங்கிக்காரர், மருந்துக் கடைக்காரர், எல்லோரும். வாயை மூடத்தான் அது, பேசும்போதுதான் அது தேவை என்பது யாருக்கும் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை, மூச்சுக்காற்று என் மூக்கில் நேராகக் குளிர்ச்சியாகப் படும் வரை.

"மாஸ்க்," என்றேன். பல்லைக் கடித்து, வாயை முடிந்த அளவு திறக்காமல் சொன்னேன். பொட்டலத்திலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"ம். எதெல்லாம் போச்சு?"

இது மனப்பாடத்தில் இல்லாத கேள்வி. அத்தானுக்குச் சொன்ன பதில்தான் கைவசம் இருந்தது. சந்தேகம் வந்தால் இருக்கிறது என்றே வைத்துக்கொள். அக்காள் நிற்கிற வீடு.

"மாஸ்கோட முன்பக்கம் அழுக்கு. அதைத் தொட்ட உறை போச்சு. உறை திரும்பப் பிடிச்ச இடுக்கி போச்சு. திறந்த பொட்டலத்துக்கு மேல கத்தினேன், எச்சில் துளி விழுந்திருக்கும். அதனால கிண்ணத்து உப்புநீர், பஞ்சு, எல்லாம். புண்ணு மேலயும்தான்."

"விழுந்தத நீ பாத்தியா?"

"பாக்கல மேடம். விழலன்னும் பாக்கல."

மேடம் பேனாவை மேஜையில் வைத்தார். "அப்ப என்ன செய்வ?"

"முதல்லேர்ந்து."

பின் பெஞ்சில் பெருமூச்சு. சாப்பாட்டு நேரம் நெருங்கியிருந்தது, என் நண்பர்களின் பாசத்துக்கு எல்லை அதுதான். நான் உறையைக் கழற்றினேன், கை சுத்தம். காதுப் பட்டியைப் பிடித்து முகக்கவசத்தை எடுத்துப் போட்டேன், கை சுத்தம். புது முகக்கவசம், மறுபடி கை கழுவல். இடுக்கியும் கிண்ணமும் மறுபடி நீராவிக்குப் போகும் கூடைக்கு. புதுப் பொட்டலம், முதல் மடிப்பு அப்பால், கிருமி நீக்கிய புது உறை. புண்ணை முதலிலிருந்து துடைத்து, சுற்றியுள்ள தோலை ஒற்றிக் காயவைத்து, ஏனென்றால் ஈரம் நின்றால் தோல் ஊறிப் போகும், புதுக் கட்டுப் போட்டு, தேதியும் நேரமும் எழுதினேன். இந்த முறை மேடம் காரணம் கேட்டபோதெல்லாம் பொட்டலத்தைவிட்டு முகத்தைத் திருப்பி, முகக்கவசத்துக்குள்ளிருந்தே, தந்தி மாதிரி பதில் சொன்னேன். தோழிக்கு நிச்சயம் கேட்டிருக்காது.

மேடம் குறித்துக்கொண்டார். "திங்கட்கிழமை வார்டுக்கு வா. தப்பு பண்ணாததால இல்ல, தப்பு எதுவரைக்கும் பரவியிருக்குன்னு சொன்னியே, அதனால." பிறகு நாகர்கோவில் குரலில் சேர்த்தார்: "பொட்டலம் திறந்திருக்கும்போது ஒன் வாய் மூடியிருக்கணும் மக்களே. ஒனக்குக் கஷ்டம்தான்."

திங்கட்கிழமை என் முதல் நோயாளி ட்ராம்பே பக்கத்துத் தமிழர், வயிற்றில் அறுவை. முன்கூட்டியே எல்லாம் விளக்கிச் சொல்லிவிட்டு, பொட்டலத்தைத் திறந்ததிலிருந்து நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வயிற்றில் பச்சை குத்தியிருந்த புலி, தையல் கோட்டால் இரண்டாகப் பிரிந்து, இப்போது இரண்டு பூனைகள் மாதிரி இருந்தது. அதைப் பற்றி எனக்கு மூன்று நகைச்சுவைகள் தோன்றின. மூன்றும் உயர்தரம். மூன்றையும் விழுங்கினேன்.

கடைசிப் பிளாஸ்திரி ஒட்டும்போது அவர் மனைவியிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "இந்தத் தம்பிதான் நல்ல பையன். எவ்வளவு அடக்கம் பாரு. வாயே திறக்கல."

பொட்டலத்தைச் சுருட்டி, உறையைக் கழற்றி, கையைச் சுத்தம் செய்துவிட்டு அவர் பக்கம் திரும்பினேன். "அண்ணே, அந்தப் புலியப் பத்தி ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"சிரிக்க வைக்காத தம்பி," என்று அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "தையல் வலிக்கும்."

அந்தக் காரணமும் சரிதான்.