விலைப்பட்டியல் மேல் நான் போட்ட பழி

எங்கள் சூட்கேஸ் கடையில் பதினொரு வருஷமாக விற்பனை வேலைக்கு நிற்கிறவளுக்கு 'விலைப்பட்டியல்' என்று பட்டப்பெயர். வைத்தவன் நான்தான். எந்தப் பெட்டியைக் காட்டினாலும் விலைச்சீட்டைப் பார்க்காமல் விலை சொல்லிவிடுவாள். தூசி தட்டும்போதே ஒவ்வொரு சீட்டையும் வாசித்துக்கொண்டு போவாளாம். முழங்கால் வலிக்குத் துணி சுற்றிக்கொண்டு நாள் முழுக்க நிற்பாள். அப்பேர்ப்பட்டவளைத்தான் நாலு பேர் முன்னால் நான் திருடி என்றேன். நான் அங்கே மேற்பார்வை. கணக்கில் புலி என்று என்னை நானே சொல்லிக்கொள்வேன், வேறு யாரும் சொன்னதில்லை.

அன்றைக்கு அவள் குடியிருக்கும் கட்டடத்தின் மாடி வீட்டம்மா, ஜிப் போன சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு மாதத்துக்குள் கொண்டுவந்தால் அதே சீட்டு விலையில் வேறு எடுத்துக்கொள்ளலாம் என்பது கடை வழக்கம். சீட்டோ கிழிந்து போயிருந்தது. பில்லில் மேல் வரிகள் எல்லாம் மங்கி, கீழே மொத்தம் 4248 மட்டும் தெரிந்தது. கம்ப்யூட்டரை மாற்றியதில் பழைய பில்களும் போய்விட்டன. "நாலாயிரத்து ஐந்நூறு சார்" என்றாள் விலைப்பட்டியல், யோசிக்காமல்.

எனக்குச் சுருக்கென்றது. ஒரே கட்டடத்துக்காரி என்று தெரிந்ததும் சந்தேகம் வந்துவிட்டது. கால்குலேட்டரைத் தட்டினேன். வரி பதினெட்டு சதவீதம், 4248-இல் அதைக் கழித்தேன். கடைத் தள்ளுபடி இருபது சதவீதம், வந்ததோடு அதைக் கூட்டினேன். 4180. முன்னூற்று இருபது இடிக்கிறதே!

"இந்த முன்னூத்தி இருபதுல உன் பங்கு எவ்வளவு?" என்றேன். கடை முழுக்கக் கேட்டது.

நாலாயிரத்து ஐந்நூறில் இருந்து ஒருதரம் போட்டுப் பாருங்கள் என்று மெதுவாகச் சொன்னாள். எனக்கே பாடம் நடத்துகிறாயா என்று எகிறினேன். மாடி வீட்டம்மா ஏற்கெனவே 4500 பெட்டியைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். வித்தியாசத்தைக் கட்டச் சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்த விலைப்பட்டியல், தன் பையைத் திறந்து முன்னூற்று இருபதை எண்ணி மேஜையில் வைத்தாள். வெட்கமில்லாமல் வாங்கிப்போட்டுக்கொண்டேன்.

மதியம், ஜிப்பை மாற்றி அந்தப் பழைய பெட்டியை மறுபடி விற்க, புதுச்சீட்டு அடிக்க உட்கார்ந்தேன். 4180 என்று போட்டேன். தள்ளுபடி போய், வரி சேர்ந்து 4248 வரவேண்டிய இடத்தில் 3945.92 என்றது கம்ப்யூட்டர். சனியன் பிடித்த மிஷின் என்று திட்டிவிட்டு மறுபடி போட்டேன், அதேதான். பிறகு, யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பிப் பார்த்துவிட்டு, 4500 போட்டேன். இருபது சதவீதம் தொள்ளாயிரம் போக 3600. அதற்கு வரி 648. மொத்தம் 4248. ஒரு பைசா பிசகவில்லை.

வரி போட்டது 3600-க்கு. நானோ 4248-க்கு எடுத்துக் கழித்திருக்கிறேன். தள்ளுபடி கொடுத்தது பெரிய விலையில். நானோ சின்னதில் எடுத்துக் கூட்டியிருக்கிறேன். 4248-ஐ 1.18-ஆல் வகுத்து, வந்ததை 0.8-ஆல் வகுத்திருந்தால் 4500 வந்து நின்றிருக்கும். ஆறு வருஷமாக இதே முறையில் எத்தனை பேர் தலையில் மிளகாய் அரைத்தேனோ, நினைக்கவே கூசியது.

கிடங்கில் அவளைத் தனியாகப் பிடித்துப் பணத்தை நீட்டினேன். அவள் கையை நீட்டவில்லை.

"பணத்தை விடுங்க சார். அந்தம்மாகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க. நான் தினம் அந்தப் படியில ஏறி இறங்கணும்."

சாயங்காலமே போனேன். அவள் என் பின்னால் நாலு படி தள்ளி நின்றாள். மாடி வீட்டம்மா கதவைத் திறந்து, என்னை மட்டும் பார்த்துவிட்டுப் பேச ஆரம்பித்துவிட்டார்.

"வேலைய விட்டுத் தூக்கிட்டீங்களா சார்? நல்ல வேளை, சாவி கீவி அவகிட்ட கொடுத்து வைக்காம இருந்தேன்."

தப்பு அவளுடையதில்லை, என் கணக்குத்தான் தப்பு என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அந்தம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"உங்களுக்கு நல்ல மனசு சார், அதான் மூடி மறைக்கிறீங்க. தப்பே பண்ணாதவ எதுக்குத் தன் கைக்காசைக் கட்டினா?"

பில்லின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன். 4500, 900, 3600, 648, 4248. அந்தம்மா தாளை வாங்கிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார்.

"இந்தக் கணக்கெல்லாம் எனக்கு என்ன சார் தெரியும்? நீங்க காலையில கடையில சொன்னதுதான் தெரியும்."

கதவைச் சாத்திக்கொண்டார். நான் திரும்பியபோது விலைப்பட்டியல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தாள்.