பீலித் தண்ணீரில் கரையாத ரயில்

பிரியந்தி பீலித் தண்ணீரைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். "கேட்டுக்க. இன்னைக்கும் கோச்சி என்னைய விட்டுட்டுப் போயிருச்சு. இதையும் எடுத்துக்கிட்டுப் போய்த் தொலை!" மலையிலிருந்து குழாயில் இறங்கி விழும் தண்ணீர் பள்ளத்தைப் பார்த்து ஓடுகிறது. பின்னால் வாளியோடு நிற்கும் பக்கத்து வீட்டுக் காளியாயிக்குப் பெரட்டுக்கு, காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, நேரமாகிறது.

"நேத்தும் கோச்சி, இன்னைக்கும் கோச்சியா? ஒரு நாளாச்சும் ஏறிப் பாரேன் புள்ள."

"ஏறியிருந்தா ஒங்க மூஞ்சியிலயா முழிச்சிருப்பேன்?"

கெட்ட கனவு கண்டால் மனிதரிடம் சொல்வதற்கு முன்னால் ஓடும் தண்ணீரிடம் சொல்லிவிட வேண்டும். றொசல்லைக்கு மேலே இருக்கும் இந்தத் தேயிலைத் தோட்டத்தில் அது வழக்கம். காதும் காதும் வைத்த மாதிரி மெதுவாகச் சொல்ல வேண்டும் என்பதும் வழக்கம்தான். ஆனால் பிரியந்திக்கு மெதுவாகப் பேச வராது. அவள் பீலிக்கரையில் வாயைத் திறந்தால் எதிர் மலையில் நாய் குரைக்கும். அவள் முறைத்த கொழுந்தை பெக்டரியில் தனியாக வாட்டத் தேவையில்லை என்பார்கள். ஒரு தடவை அவள் பார்த்த பார்வையில் தோட்டத்து லொறி ஒன்றரை மைல் பின்னுக்கே போனதாகவும் பேச்சு உண்டு. ஒன்றரை மைல் என்பது கொஞ்சம் கூடுதல். ஒரு மைல் இருக்கும்.

வயது முப்பத்தொன்பது. பிரியந்தி என்பது பிறந்த அன்று பிரசவம் பார்த்த சிங்கள மருத்துவிச்சி வைத்த பெயர். கணவன் ஜீவராஜ் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமைக்கிறான். தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் முகம் காட்டுவான். அவள் இருப்பது தாய் அம்மாக்கண்ணுவோடு. வேலை பிள்ளைக் காம்பராவில். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது சின்னப் பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம் அது. பதினேழு குழந்தைகள். அவர்களிடம் மட்டும் அவளுக்குக் கோபம் வருவதில்லை. ஒரே சமயத்தில் பதினேழும் அழுதால், "நீங்க அழுவுறது நாயம்" என்று சொல்லிவிட்டு அடுப்பில் கஞ்சியைக் கிளறுவாள். மூன்று வயதுப் பிள்ளைகளுக்குத் தமிழில் பத்துவரை, சிங்களத்தில் பத்துவரை எண்ணச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அதற்கு அவளை யாரும் கேட்கவில்லை. உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறோடு பாஸானவள் என்பதையும் இப்போது யாரும் கேட்பதில்லை.

கனவு இதுதான். வளைவுக்கு அப்பால் கோச்சி, அதுதான் ரயில், மூச்சு வாங்குவது கேட்கிறது. றொசல்லை ஸ்டேஷன் கண்ணுக்குத் தெரிகிறது. தேயிலைச் சரிவில் அவள் ஓடுகிறாள். கால்கள் வரவில்லை. முழங்கால்வரை சேறு பிடித்த மாதிரி ஒவ்வொரு காலையும் பிடுங்கி வைக்க வேண்டியிருக்கிறது. ஒரு நாள் இடுப்பில் குழந்தை, ஒரு நாள் கையில் கொதிக்கும் கஞ்சிப் பானை. டிக்கெட் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பது கொழுந்து நிறுக்கும் ஆள். "தராசுல ஏறு" என்கிறான். ஏறி இறங்குவதற்குள் ரயில் நகர்கிறது. கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு வளைவில் மறைகிறது. அத்தோடு விழிப்பு. பாயில் உட்கார்ந்தபடியே அன்றைய முதல் வசவு.

கோபத்துக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. பதினெட்டு வருடத்துக்கு முன் ஆசிரியர் வேலைக்குக் கண்டியில் நேர்முகப் பரீட்சை. அன்று விடியற்காலையில்தான் இந்தக் கனவு முதன்முதலாக வந்தது. வாய் சும்மா இராமல் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அம்மாக்கண்ணு மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமிப் படத்தடியில் வைத்துவிட்டு, "விடியக் கனவு பலிக்கும்டி. போவாத" என்றாள். பிரியந்தி போகவில்லை. அன்று ரயில் சொன்ன நேரத்துக்கு வந்தது, நின்றது, போனது. வீட்டு வாசலில் நின்று அது கூவுவதைக் கேட்டாள். பள்ளியில் ஒரே பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து படித்த ஷாமிலா அந்த ரயிலில் போனாள். இன்று ஹட்டனில் டீச்சர். பிள்ளைக் காம்பராவைத் தாண்டும்போதெல்லாம் ஸ்கூட்டியில் ஹோன் அடித்துக் கை காட்டுவாள்.

"அவ மேல எனக்குக் கோவமில்ல. அந்த ஹோன் மேலதான்."

போன மாதம் தோட்டத்து மருந்தகத்துக்குப் போய், அங்கே மருந்து கொடுக்கும் அன்டனின் மேசையில் கையை ஊன்றி நின்றாள்.

"கனவு வராம இருக்க ஒரு குளிசை குடுங்க."

அன்டன் அவளைவிட ஏழு வயது இளையவன், எதையும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுவான். "அப்புடிக் குளிசை நான் குடுக்க மாட்டேன் அக்கா. பரீட்சை, வேலை, கல்யாணம்னு எதாவது கிட்ட வந்தா நெறையப் பேருக்கு இந்தக் கனவு வருது. கோச்சி இல்லாத ஊர்ல பஸ்ஸு, பஸ்ஸு இல்லாத ஊர்ல கப்பல். கைக்கு வந்தது தப்பிப் போயிருமோங்கிற பயமா இருக்கலாம்னு சொல்றாங்க. எல்லாருக்கும் அதுதான்னு அடிச்சுச் சொல்ல ஏலாது."

"அப்ப காலு? எனக்குக் காலு நல்லாத்தானே இருக்கு? கனவுல மட்டும் ஏன் செத்துப் போவுது?"

"கனவு காண்றப்ப ஒடம்பு கட்டிப் போட்ட மாதிரி அசையாம கெடக்கும். இல்லாட்டி நீங்க பாயிலேர்ந்து எழும்பி ஓடிருவீங்க. காலு வராதது அதனாலயும் இருக்கலாம்."

"அது ஏன் விடியறப்பவே வருது? சாமி சொல்றதுதானே?"

"விடியப் பக்கம்தான் கனவு நீளமா வரும். கண்டவொடன முழிச்சிர்றதால ஞாபகம் இருக்கு. சாமிக்கு வேற வேல இருக்கு அக்கா." சிரித்துவிட்டு, பிறகு சிரிக்காமல் கேட்டான்: "எதுக்கு முன்னால வருதுன்னு எழுதி வச்சிருக்கீங்களா?"

திட்டிக்கொண்டே வந்தவள், குழந்தைகளின் நிறை எழுதும் பழைய அட்டையின் பின்பக்கத்தில் அன்றே எழுதத் தொடங்கினாள். கண்டி நேர்முகம்: வந்தது. கணினி வகுப்பில் சேரக் கடைசி நாள்: வந்தது. வெளிநாட்டு வேலைக்குப் பாஸ்போர்ட் எடுக்க நினைத்தது: மூன்று நாள் வந்தது. முன்பள்ளிப் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டது: அன்றிலிருந்து அடிக்கடி. ஜீவராஜின் தங்கை கல்யாணம்: வரவில்லை. அன்று கினிகத்தேனையில் நிஜமாகவே பஸ்ஸை விட்டாள். ஒரு கடையில் பிளேன்டி குடித்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பினாள். நாத்தனாரோடு ஆறு மாதம் பேச்சில்லை, கனவும் இல்லை.

அட்டையை ஒரு வாரம் முறைத்துப் பார்த்தாள். பிறகு பீலிக்கரையில் காளியாயியின் வாளியை மறித்துக்கொண்டு கத்தினாள்.

"வேணாங்கிற காரியத்துக்கு அது வர்றதே இல்ல அக்கா! எனக்கு எது வேணுமோ அதுக்குத்தான் வருது. போவாதன்னு சொல்ல வரல. போகணும்னு நானே கெடந்து துடிக்கிறதுதான் அப்புடி வருது. அத அபசகுனம்னு எடுத்துக்கிட்டுப் பதினெட்டு வருஷம் கஞ்சி கிண்டியிருக்கேன்!"

"சரி, வாளிய விடு" என்றாள் காளியாயி.

இந்தச் சமயம் பார்த்துத்தான் அவள் விண்ணப்பத்துக்குப் பதில் கடிதம் வந்தது. முன்பள்ளி ஆசிரியர் பயிற்சிக்கு ஹட்டனில் நேர்முகம், காலை பத்து மணிக்கு. நாற்பது வயது வரைதான் எடுப்பார்கள். அவளுக்கு ஆடியில் நாற்பது. இது போனால் இனிக் கேட்பதற்கே இடமில்லை.

நேர்முகத்தன்று விடியற்காலையில் கனவு வராமல் இருக்குமா? வந்தது. போதாக்குறைக்கு இம்முறை பதினேழு குழந்தைகளும் ரயிலுக்குள் இருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போனார்கள். பாயிலிருந்தே வசவு கேட்டதும் அம்மாக்கண்ணுவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள். மகளின் அட்டையெல்லாம் அவளிடம் செல்லாது.

"போ. நான் தடுக்கல. அன்னைக்குத் தடுத்தது போதும். ஆனா தண்ணிக்கிட்டச் சொல்லிட்டுப் போ. அதுக்கு மேல ஒண்ணும் கேக்க மாட்டேன்."

பிரியந்திக்குக் கோபத்தில் காது சிவந்தது. ஆனால் தாய் மஞ்சள் துணியில் காசு முடிந்து மடியில் வைத்திருப்பதையும் பார்த்துவிட்டாள். சான்றிதழ் பைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பீலிக்கு நடந்தாள். அங்கே பார்த்தால் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மேலே குழாயில் சருகு அடைத்திருந்தது. சொட்டும் தண்ணீரிடம் கனவைச் சொல்லக் கூடாது, ஓட வேண்டும். நல்ல சேலையைத் தூக்கிச் செருகி, மேலே ஏறி, குழாய் வாயில் கையை விட்டுச் சருகைப் பிடுங்கி எறிந்தாள். தண்ணீர் பீறிட்டு முகத்தில் அடித்தது. "கோச்சி போயிருச்சு, போயிருச்சு, போதுமா!" என்று அதன் முகத்திலேயே திருப்பிக் கத்தினாள். அந்த நேரத்தில் வளைவுக்கு அப்பால் நிஜ ரயில் கூவியது.

ஓடினாள். கால்கள் நன்றாகவே வந்தன. குறுக்குப் பாதையில் அவள் ஓடிய ஓட்டத்தில் இரண்டு தேயிலைச் செடிகள் ஒதுங்கி வழிவிட்டதாகக் காளியாயி சொல்கிறாள். பிளாட்பாரத்தில் கால் வைத்தபோது கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.

பிரியந்தி அப்படியே நின்றாள். இந்த இடத்தில்தான் எப்போதும் விழிப்பு வரும். விளக்கு மறைந்தது. விழிப்பு வரவில்லை. தூறல் பெய்துகொண்டே இருந்தது. தண்டவாளத்தில் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது. கொடியை மடித்துக்கொண்டிருந்த ஸ்டேஷன்காரர், "கோச்சி போய்விட்டதே தங்கச்சி" என்றார் சிங்களத்தில்.

"தெரியும். பத்து மணிக்கு ஹட்டன்ல நிக்கணும். அடுத்தது?"

கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது. பதினெட்டு வருடக் கனவில் இந்தக் கேள்வியை ஒரு நாளும் கேட்டதில்லை. கனவில் இருப்பது ஒரே ஒரு ரயில். அது போனால் உலகம் முடிந்தது. ஸ்டேஷன்காரரோ கைக்கடிகாரத்தைப் பார்த்து, "அடுத்த கோச்சி உனக்கு உதவாது. மேலே ரோட்டுக்குப் போ, ஹட்டன் பஸ் வரும்" என்றார், பஸ்கள் என்றால் வரத்தான் செய்யும் என்கிற மாதிரி.

"பதினெட்டு வருஷம்!" என்று அவள் போட்ட சத்தத்தில் காகம் பறந்தது.

ரோட்டுக்கு ஏறி வந்தபோது சேலை ஓரமெல்லாம் சேறு. பைல் மட்டும் நனையவில்லை. கினிகத்தேனைப் பக்கமிருந்து ஹட்டன் பஸ் வந்தது. மிதிபலகையில் ஆள் தொங்க, நிறுத்தும் எண்ணமே இல்லாமல் ஹோன் அடித்துக்கொண்டு வந்தது. ஹோன் சத்தம் கேட்டதும் பிரியந்தியின் மூக்கு விடைத்தது. நடு ரோட்டில் போய் நின்றாள். வலது காலைத் தூக்கித் தாரில் ஓங்கி மிதித்தாள். இடது காலையும் ஒரு முறை. இரண்டும் எழும்பின. பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மற்றக் கையை பஸ்ஸின் கண்ணாடிக்கு நேரே நீட்டினாள்.