எல்லாவற்றுக்கும் ஓம் போட்ட ஃபோர்ம்

தங்கச்சிக்கு ஆறு வயதாக இருந்தபோது பள்ளிக்கூடத்துச் சைக்காலஜிஸ்ட் ஒரு கேள்விக்கொத்தை வீட்டுக்கு அனுப்பினார். பிள்ளை தனிய உடுப்புப் போடுமா, தனியக் கழிவறைக்குப் போய் வருமா, பசித்தால் கேட்குமா என்று பத்துப் பன்னிரண்டு பக்கம். முழுக்கப் பிரெஞ்சு. எனக்கு அப்போது பதினாறு. வீட்டில் பிரெஞ்சு ஒழுங்காக வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். ஆகவே நானே உட்கார்ந்து நிரப்பினேன்.

எல்லாவற்றுக்கும் ஓம் போட்டேன்.

பொய் சொல்கிறோம் என்று நாங்கள் ஒருவரும் நினைக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு ஒரு பேப்பர் வந்தால் அது சோதனை. சோதனை என்றால் மார்க்ஸ் எடுக்க வேண்டும். சைக்காலஜிஸ்ட் வரச் சொன்ன நாளுக்கு முதல் இரண்டு கிழமை, நான் அவளை இருத்தி வைத்து நிறம், எண், வட்டம், சதுரம் என்று ட்யூஷன் வேறு கொடுத்தேன். அது ஒன்றும் ஏறவில்லை. ஆனால் ஃபோர்மில் மார்க்ஸ் ஏறிவிட்டது. அதை நம்பினால் நாங்கள் இருக்கிற நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியிலேயே இப்படி ஒரு கெட்டிக்காரி இல்லை.

அவளுடைய அறிவு வளர்ச்சிக் குறைபாடு இலேசானது என்று அறிக்கை வந்தது. அப்பா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். இலேசு. இருபத்துநான்கு பிள்ளைகள் இருக்கிற சாதாரண வகுப்பில் போட்டார்கள். இலேசு என்றால், விசேட உதவி தேவை என்று காட்டுகிற கல்வி அமைச்சின் குறியீடு கிடைக்காது. குறியீடு இல்லாவிட்டால் அவளுக்கென்று உதவியாளர் நேரம் கேட்டுப் பெறுவதும் கஷ்டம். இதெல்லாம் எங்களுக்குத் தெரிய நான்கு வருடம் போனது. அந்த நான்கு வருடமும், வகுப்பில் மற்றப் பிள்ளைகளோடு பங்குபோட்டு, கிழமைக்குச் சில மணித்தியாலம் ஒரு உதவியாளர் அவளுக்குப் பக்கத்தில் இருந்தார். மிச்ச நேரம் அவள் சும்மா இருந்தாள்.

போன இலையுதிர்காலத்தில் அதே ஃபோர்ம் திரும்ப வந்தது. அவளுக்குப் பத்து வயது. நான் யூனிவெர்சிட்டியில் இரண்டாம் வருடம், மிட்-டேர்ம் நேரம், நித்திரை இல்லை. குசினி மேசையில் அம்மாவை இருத்திவிட்டு வாசித்தேன்.

"தனிய உடுப்புப் போடுவாளோ?"

"போடுவாள்."

"அம்மா."

"சட்டை போடுவாள். பட்டன் பூட்டமாட்டாள்."

"அப்ப 'சில நேரம்' எண்டு போடுறன்."

"முன்பக்கம் பின்னுக்கு வரும்."

"வந்தா?"

"வந்தா நான் மாத்திவிடுவன்." அம்மா பேனையை என் பக்கம் தள்ளினார். "இல்லை எண்டே போடு."

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாகப் போனது. இல்லை. இல்லை. சில நேரம். இல்லை. அம்மா ஒன்றுக்கும் யோசிக்கவில்லை. எவ்வளவு நாளாக இந்தப் பதில்களை வாய்க்குள் வைத்திருந்தாரோ தெரியாது. புவாண்ட்-கிளேரில் வெயர்ஹவுஸ் வேலை முடிந்து வந்த அப்பா, சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் எட்டிப் பார்த்தார்.

"என்ன, பிள்ளைக்கு ஒண்டும் தெரியாதெண்டு நாங்களே எழுதிக் குடுக்கிறமோ?"

"ஒருநாள் நீங்கள் அவளைக் குளிப்பாட்டி, கழுவி, உடுப்பாட்டி விடுங்கோ," என்றார் அம்மா. "பேந்து வந்து எழுதுவம்."

அப்பா சப்பாத்தைக் கழற்றப் போய்விட்டார்.

புது அறிக்கை வந்தபோது இலேசு போய் நடுத்தரமாகிவிட்டது. குறியீடும் வந்தது. மாசி மாதம் பள்ளிக்கூடத்தில் பிளான் மீட்டிங். உதவி தேவைப்படுகிற பிள்ளைக்கு என்ன இலக்கு, யார் உதவுவது, எப்படி என்று பெற்றோரையும் வைத்து எழுதுவதுதான் அந்தப் பிளான். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று பள்ளிக்கூடம் கேட்டது. வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். இன்னொரு தமிழ் ஆள் வந்து எங்கள் வீட்டுக் கதையைக் கேட்டுக்கொண்டு போவது அவருக்குச் சரிவராது. அதனால் மீட்டிங்கில் நான் அக்கா, மொழிபெயர்ப்பாளர், குற்றவாளி எல்லாம் ஒரே கதிரையில்.

பிரின்சிபல் இரண்டு வழி சொன்னார். இதே பள்ளிக்கூடத்தில் சாதாரண வகுப்பிலேயே இருக்கலாம். குறியீடு வந்ததால் உதவியாளர் நேரத்தைக் கூட்டிக் கேட்பார். இல்லாவிட்டால், கிழக்குப் பக்கம் ஒரு விசேடப் பள்ளிக்கூடத்தில் செப்டம்பருக்கு ஒரு இடம் வரும் போல இருக்கிறது. சாதாரணப் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே சின்ன விசேட வகுப்பு என்று மூன்றாவது வழியும் உண்டு, ஆனால் எங்கள் பக்கத்தில் இந்த முறை இடமில்லை. கடைசி முடிவு மேலிடத்தில்தான் எடுப்பார்கள், ஆனாலும் எங்கள் விருப்பத்தைக் கேட்பார்கள். மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த இடம் வேறொரு பிள்ளைக்குப் போகும்.

"எத்தினை மணித்தியாலம் கூட்டித் தருவினமாம்?" என்று அப்பா கேட்டார். கேட்டுச் சொன்னேன். கோடையில் ஆட்களை ஒதுக்கினபிறகுதான் தெரியுமாம்.

"அப்ப தெரியாத சாமானுக்கு ஓம் சொல்லட்டாம்."

அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

வீட்டில் ஒரு கிழமை சண்டை. சத்தம் போடுகிற சண்டை இல்லை. சோறு போட்டுக்கொண்டு, பாத்திரம் கழுவிக்கொண்டு, ஒரே இரண்டு வசனத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்கிற சண்டை.

"கதைக்கிற பிள்ளையளோட இருந்தாத்தான் கதை வரும்," என்பார் அப்பா. அவளுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. "அங்க போனா ஆரோட கதைக்கிறது?"

"கதை வராட்டி வராட்டும். கக்கூசுக்குத் தனியப் போகப் பழகட்டும். நான் செத்தா ஆர் கொண்டுபோறது?"

இரண்டு பேரும் என்னைப் பார்ப்பார்கள். படித்த பிள்ளையல்லவா. எனக்குப் படித்ததும் தெரியும்: சேர்ந்து படிப்பது உரிமை, பிரித்து வைத்தால் பிரிந்தே இருப்பார்கள் என்று ஒரு பக்கம். சரியான உதவி இல்லாமல் சேர்த்து வைப்பது வெறும் பேச்சுக்குத்தான் சேர்ப்பது என்று மற்றப் பக்கம். இரண்டையும் அசைன்மென்டில் எழுதினால் ஏ எடுப்பேன். குசினியில் நின்று சொன்னால் ஒன்றுக்கும் உதவாது.

அப்பாவோடு வேலை செய்கிறவரின் மனைவி கர்க்லாண்டில் இருக்கிறார். அவருடைய மகன் ஆறு வயதில் இருந்து விசேடப் பள்ளிக்கூடம், இப்போது பதினைந்து. அம்மா அவருக்கு ஃபோன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"எனக்கு நிம்மதி, அது மெய்," என்றார் அவர். "தேத்தண்ணி போடுவான், உடுப்புத் தோய்ப்பான். என்ர மற்றது ரெண்டும் அதுவும் செய்யாதுகள். ஆனா எங்கட ரோட்டில ஒரு பிள்ளைக்கு அவன்ர பேர் தெரியாது."

"அப்ப விடக்கூடாதெண்டோ சொல்லுறியள்?" என்று அம்மா கேட்டார்.

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. போய்ப் பாருங்கோ. ரெண்டு இடத்திலயும் ஒரே கேள்வியைக் கேளுங்கோ. காலமை தொடக்கம் பின்னேரம் வரை பிள்ளை என்ன செய்யுது? வடிவான கதையெல்லாம் வேண்டாம், நேற்று என்ன செய்தது எண்டு கேளுங்கோ. அங்க கேக்கேக்க, அங்கயிருந்து எத்தினை பேர் சாதாரண வகுப்புக்குத் திரும்பினவை எண்டும் கேளுங்கோ. நான் கேக்கேல்லை."

முதலில் இப்போதைய பள்ளிக்கூடத்தில் கேட்டோம். உதவியாளர் ஒரு இளம் பெண். என்னைவிட ஐந்து வயது கூட இருக்கும். முகத்தைப் பார்த்தால் பதினைந்து கூட. நேற்று என்ன செய்தாள் என்று கேட்டேன். கணக்குப் பாடத்தில் மற்றப் பிள்ளைகள் பின்னம் செய்தார்கள் என்றார். தங்கச்சி?

வகுப்புக்கு வெளியே, கொரிடோரில். ஒரு சின்ன மேசையில் தன்னோடு இருந்து நிறம் தீட்டினாள் என்றார். பிரெஞ்சுப் பாடத்திலும் அப்படித்தான். தான் இல்லாத நேரம் வகுப்புக்குள் இருப்பாள், யாரையும் குழப்பமாட்டாள், நல்ல பிள்ளையாம்.

அப்பாவுக்குச் சொன்னேன். அவர் அந்தப் பெண்ணுக்கு நன்றியாக ஒரு மெர்சி சொல்லிவிட்டு வெளியே வந்து, பனி ஒதுக்காத நடைபாதையில் நின்றார்.

"கொரிடோருக்குத்தானே நாங்கள் இவ்வளவு நாளும் சண்டை பிடிச்சது."

"இடைவேளையில பிள்ளையள் விளையாடச் சேக்கினம் அப்பா. அதையும் சொன்னவ."

"என்ன விளையாட்டு?"

அதைச் சொல்லாமல் விடத்தான் பார்த்தேன். அம்மா அப்பா விளையாட்டு. அவள்தான் எப்போதும் குழந்தை. நான்கு வருடமாகக் குழந்தை. அந்தப் பெட்டைகளுக்கு அவளில் உண்மையான அன்பு, கையைப் பிடித்துக்கொண்டே திரிவார்கள், ஜாக்கெட் சிப் இழுத்துவிடுவார்கள். அது ஒன்றும் சின்ன விஷயமில்லை. ஆனால் அவளுக்கும் பத்து வயது.

பிறகு கிழக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம். அவளையும் கூட்டிக்கொண்டு போனோம். வகுப்பில் எட்டுப் பிள்ளைகள், ஒரு ஆசிரியை, ஒரு உதவியாளர். குசினி, வாஷிங் மெஷின், சுவரில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அன்றைய நாளைக் காட்டுகிற படவரிசை. காதில் பெரிய ஹெட்ஃபோன் போட்ட ஒரு பெடியன் எங்களைக் கண்டதும் கத்தத் தொடங்கினான். நிறுத்தவே இல்லை. அப்பாவின் கை என் தோளை இறுக்கியது. அம்மா தரையைப் பார்த்தார். வெளிக்கிடுவோம் என்றுதான் எனக்கும் இருந்தது.

தங்கச்சி பயப்படவில்லை. மேசையில் கிடந்த படங்களைக் கிளறி, தண்ணீர்க் கோப்பைப் படத்தை எடுத்து ஆசிரியையிடம் நீட்டினாள். யாரும் காட்டிக் கொடுக்கவில்லை. முன்னால் இருந்த பிள்ளை செய்ததைப் பார்த்துச் செய்தாள். ஆசிரியை தண்ணீர் கொடுத்தார். குடித்தாள். கோப்பையை வைத்துவிட்டு, திரும்ப அதே படத்தை நீட்டினாள். மூன்று கோப்பை குடித்தாள். வீட்டில் அவளுக்குத் தாகம் என்றால் எங்கள் கையைப் பிடித்து இழுப்பாள், எதற்கு என்று கண்டுபிடிக்க நாங்கள் ஃப்ரிட்ஜ், டிவி, கதவு எல்லாம் காட்டுவோம். அதற்குள் அழுதுவிடுவாள்.

எத்தனை பேர் திரும்பிப் போயிருக்கிறார்கள் என்று கேட்டேன். அங்கத்தைய பிரின்சிபல் மழுப்பவில்லை. மிகக் குறைவு என்றார். இருபத்தொரு வயது வரை இங்கேயே இருக்கலாம், பெரும்பாலும் இருப்பார்கள். ஆனால் வருடத்துக்கு ஒருமுறையாவது பிளானைத் திரும்பப் பார்ப்போம், அதில் என்ன வேண்டுமென்றாலும் கேட்கலாம்.

வரும்போது மெட்ரோவில், ஸ்னோடன் ஸ்டேஷன் வந்தபிறகுதான் அப்பா கதைக்கத் தொடங்கினார்.

"அந்த வகுப்பில ஒரு பிள்ளையும் கதைக்கேல்லை," என்றார்.

"ஓம்."

"அவள் தண்ணி கேட்டவள்."

"ஓம் அப்பா."

"முதல் தரமே உண்மையை எழுதியிருந்தா, சாதாரண வகுப்பிலயே உதவியோட இருந்திருப்பாளோ?"

இருந்திருக்கலாம். ஆறு வயதில் கூடுதல் உதவியோடு தொடங்கியிருந்தால் கொரிடோர் தேவைப்பட்டிருக்காதோ என்னவோ. அந்த வருடங்களை எனக்குத் திரும்பச் சோதித்துப் பார்க்க வழியில்லை. "எனக்குத் தெரியாது," என்றேன். "நான்தான் எழுதினது."

"நாங்கள்தானே பக்கத்தில இருந்தது," என்றார் அம்மா. எல்லோருக்கும் களைப்பு.

அடுத்த நாள் அப்பாவே என்னை எழுதச் சொன்னார். விசேடப் பள்ளிக்கூடத்துக்குச் சம்மதம். ஆனால் அடுத்த வசந்தத்தில், சாதாரணப் பள்ளிக்கூடத்துக்குள் இருக்கிற சின்ன வகுப்புக்கு அவள் வரலாமா என்ற கேள்வியைப் பிளானில் எழுதி வைக்க வேண்டும், வாயால் சொன்னால் போதாது. நான் ஈமெயிலை வாசித்துக் காட்டினேன். அம்மா இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். அனுப்பினேன். இது சரியான முடிவா என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் பதில் தெரியாது. அந்த மாதத்தில் எங்கள் கையில் இருந்த தகவலுக்கு அது சரி, அவ்வளவுதான்.

செப்டம்பரில் மினிபஸ் ஏழு பத்துக்கு வீட்டு வாசலுக்கு வந்தது. ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்டப் பயணம். அம்மா விடியவெள்ளனவே எழும்பி அழுவதற்குத் தயாராக நின்றார். தங்கச்சி படி ஏறி, யன்னல் சீட்டில் இருந்து, டிரைவர் பெல்ட் போடக் கையைத் தூக்கிக் கொடுத்தாள். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் மூலையில் திரும்பிப் போய்விட்டது.

"ஒரு டாட்டா கூடக் காட்டேல்லை," என்றார் அம்மா, உண்மையான கோபத்தோடு.

"அவளுக்கு நேரமில்லை அம்மா."

"உனக்குப் பகிடி." உள்ளே வந்து சோஃபாவில் இருந்தார். பத்து வருடமாகக் காலையில் அவர் இருந்து நான் பார்த்ததில்லை. தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தேன். ஜாக்கெட்டோடு நித்திரையாகிவிட்டார். எழுப்பவில்லை.