ரீசெட் போடாத டிவி

ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போவது எனக்குப் பிடிக்காது. பிடிக்காது என்று சொல்லிக்கொண்டே வருடக்கணக்காகப் போய்வருகிறேன். ஆம்பூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது ஷூ கம்பெனியிலோ தோல் பதனிடும் டேனரியிலோ இருப்பார்கள். அவர்களுக்கு லீவு ஞாயிறுதான். டிவி ரிப்பேருக்குக் கதவைத் திறக்க வீட்டில் ஆள் இருப்பதும் அன்றைக்குத்தான். ஊரே பிரியாணி வாங்க நிற்கிற நேரத்தில், முதுகில் பையோடு வேலூரிலிருந்து ஹைவேயில் லாரிகளுக்கு நடுவே பைக் ஓட்டி வருவது என் தலையெழுத்து.

அன்றைக்கு வந்த புகார் ஒரே வரிதான்: வைஃபை வேலை செய்யவில்லை. படித்ததுமே எனக்கு அலுப்பு தட்டியது. இது மாதிரிப் புகாரில் பாதி, வீட்டுக்காரர்களே கடவுச்சொல்லை மாற்றிவிட்டு மறந்த கதையாக இருக்கும். போய்ப் பார்த்தால் இது அப்படி இல்லை. செட்டிங்ஸில் வைஃபை என்ற வரியே சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தது. ரிமோட்டை எத்தனை முறை அழுத்தினாலும் அதன் மேல் போய் நிற்கக்கூட இல்லை.

அப்படி மங்கிவிட்டால் நெட்டின் மேலோ ஃபோன் ஹாட்ஸ்பாட்டின் மேலோ குற்றம் இல்லை. கோளாறு டிவிக்குள்ளேதான். ஒன்று, சாஃப்ட்வேர் எங்கேயோ சிக்கிக்கொண்டு வைஃபையைக் கண்டுபிடிக்க முடியாமல் நிற்கிறது. இல்லையென்றால், வைஃபை மாட்யூல் என்கிற விரல் நீளப் பலகையே செத்துவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

எல்லோரும் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்பார்கள். “சாஃப்ட்வேர் தானே? ரீசெட் போட்டா சரியாயிடும் தானே?” பார்ட் போகவில்லை என்று என் வாயால் கேட்டால்தான் அவர்களுக்கு நிம்மதி. அந்த வீட்டு அம்மா மட்டும் வாசலிலேயே நின்று, “ரீசெட் மட்டும் போடாதீங்கணா” என்றார்.

ஷூ கம்பெனியில் மேல்தோல் வெட்டும் பிரிவில் வேலை செய்கிறவர். என்னைவிட ஒன்றிரண்டு வயது சின்னவராக இருக்கலாம். இருக்கிற அலுப்பில் எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. மருந்து சாப்பிட மாட்டேன், ஆனால் காய்ச்சல் போகவேண்டும் என்றால் எப்படி?

“ரீசெட் போட்டா ஒண்ணும் ஆவாதுமா. எல்லா ஆப்பும் திரும்பப் போட்டுக்கலாம்.”

“ஆப்பு வரும். அவரு வரமாட்டாரு” என்றார்.

பிறகு நின்றபடியே சொன்னார். அவர் கணவர் டேனரியில் ஃபினிஷிங் பிரிவில் இருந்தவர். போன வருடம் பைபாஸில் விபத்து. கையிலிருந்த ஃபோனும் அவரோடு நொறுங்கிவிட்டது. எடுத்த வீடியோக்களை எல்லாம் யாரும் பார்க்காதபடி தன் வீடியோ கணக்கில் ஏற்றி வைத்து, டிவியில் போட்டுக் காட்டுவது அவர் பழக்கம். அந்தக் கணக்கின் கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. ஓடிபி போகவேண்டிய நம்பருக்கு ரீசார்ஜ் செய்ய யாருக்கும் தோன்றவில்லை, அது போய்விட்டது.

“ஒரு நாள் அந்த நம்பருக்கு அடிச்சுப் பாத்தேன். வேற யாரோ எடுத்தாங்க. இன்னா வேணும்னு கேட்டாங்க.”

ஆக, அந்தக் கணக்கு திறந்து கிடப்பது உலகத்திலேயே இந்த ஒரு டிவியில்தான். ரீசெட் போட்டால் அதுவும் பூட்டிக்கொள்ளும். எனக்கு வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

முதலில் எதையும் அழிக்காத வழிகளைப் பார்த்தேன். பிளக்கைப் பிடுங்கி, டிவியின் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து, உள்ளே தேங்கிய கரண்டை வடியவிட்டு மறுபடி போட்டேன். மங்கியது மங்கியபடியே இருந்தது. ‘டிவியைப் பற்றி’ என்ற பக்கத்தில் வைஃபை முகவரி இருக்கவேண்டிய இடத்தில் வெறும் பூஜ்ஜியங்கள். ப்ளூடூத்தும் காணோம், பேசினால் கேட்கிற ரிமோட் இணையவே இல்லை. வைஃபையும் ப்ளூடூத்தும் ஒரே பலகையில்தான் இருக்கின்றன என்பதால் பலகை போயிருக்கலாம் என்று மனசு சொன்னது. ஆனால் சாஃப்ட்வேர் அந்தப் பலகையை எழுப்பத் தவறினாலும் இதே பூஜ்ஜியம்தான் வரும். வயர் மாட்டி நெட் கொடுத்துப் பார்க்கலாமென்றால் இந்த மாடலில் அதற்குத் துளையே இல்லை.

சீனியருக்கு ஃபோன் அடித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டிலிருந்தே எங்களை விரட்டுவார்.

“ரீசெட் போட்டு அந்த ஸ்க்ரீனை ஃபோட்டோ அனுப்புங்க. அதுக்கப்புறம் மாட்யூல் கேளுங்க. எல்லாருக்கும் ஒரே ரூல்தான்.”

“வேற மாதிரி ப்ரூஃப் அனுப்புனா ஒத்துக்குவீங்களா சார்?”

“இன்னா ப்ரூஃப்? முதல்ல அனுப்புங்க, பாக்கறேன்” என்று வைத்துவிட்டார்.

இன்னொரு பயமும் இருந்தது. சில மாடல்களில் வைஃபை தனிப் பலகையாக இருக்காது, மெயின் போர்டிலேயே ஈயத்தால் பற்றவைத்திருப்பார்கள். அப்படியென்றால் போர்டையே மாற்றவேண்டும். கணக்கெல்லாம் அந்த போர்டின் நினைவில்தான் இருக்கிறது. ரீசெட் போடாமலேயே எல்லாம் போய்விடும். அந்த அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. சுவரிலிருந்து டிவியை இறக்கித் திறந்து பார்க்கலாம் என்று எழுந்தேன்.

அப்போதுதான் அந்த உறையைக் கவனித்தேன். முன்பக்கம் மெல்லிய கறுப்பு விளிம்பாகத்தான் தெரிந்தது. இறக்கித் திருப்பினால், முதுகு முழுவதும் மூடிய தோல் உறை. நல்ல தோல், ஷூவுக்கு ஆகாது என்று கழித்த துண்டுகளைச் சேர்த்து, இரட்டைத் தையல் போட்டது. துணி உறை பார்த்திருக்கிறேன், பிளாஸ்டிக் பார்த்திருக்கிறேன். டிவிக்குத் தோல் உறையை எங்கள் பக்கத்தில்தான் பார்க்கமுடியும். காற்று போகிற துளைகள் அத்தனையும் அதற்குள் அடைபட்டிருந்தன. கழற்றியபோது உள்ளேயிருந்து வந்த சூடு என் முகத்தில் அடித்தது.

பின்மூடியைத் திறந்தேன். தனிப் பலகைதான், பட்டை வயரில் மெயின் போர்டோடு கோத்திருந்தது. அப்பாடா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். வயரைக் கழற்றி, முனையைத் துடைத்து மறுபடி சொருகிப் பார்த்தேன். பயனில்லை.

“கொஞ்ச நேரம் இது ஆறட்டும்மா” என்றேன். டீ போட்டுக் கொடுத்தார். மின்விசிறிக்குக் கீழே, முதுகு திறந்த டிவியைச் சுற்றி இருவரும் டீ குடித்தபடி உட்கார்ந்திருந்தோம். பலகையைத் தொட்டு, சூடு இல்லை என்று தெரிந்த பிறகு பிளக்கைப் போட்டேன்.

வைஃபை வரி வெள்ளையாக எரிந்தது.

அவர் ஓடிப்போய் ஃபோனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டார். இணைந்தது. வீடியோ ஆப்பைத் திறந்ததும் மூலையில் சின்ன வட்டத்துக்குள் ஒரு மீசைக்காரர் முகம் வந்தது. கணக்கு அப்படியே இருக்கிறது. “அதோ” என்று மட்டும் சொன்னார். பட்டியல் சுற்றிக்கொண்டிருக்கும்போதே எல்லாம் நின்றுவிட்டது. போய்ப் பார்த்தால் வைஃபை மறுபடி சாம்பல்.

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனால் எனக்கு விடை கிடைத்துவிட்டது. சூட்டோடேயே பிளக்கைப் பிடுங்கிப் போட்டேன், சாம்பல்தான். மறுபடி ஆறவிட்டுப் போட்டேன், எரிந்தது, கொஞ்ச நேரத்தில் போனது. சாஃப்ட்வேர் சிக்கலென்றால் சூடாக இருந்தாலும் ஆறினாலும் அணைத்துப் போடுவது ஒன்றுதான். ஆறினால் மட்டும் எழுந்து, சூடானால் படுத்துக்கொண்டால் அது பலகையின் கோளாறு. வெந்து வெந்து, இப்போது உறை இல்லாமலே தன் சூட்டையே தாங்கமுடியாத நிலைக்கு வந்துவிட்டது. இரண்டு முறையும் வீடியோ எடுத்து சீனியருக்கு அனுப்பினேன்.

நெடுநேரம் கழித்து பதில் வந்தது. “சரி. பார்ட் போடறேன். இதையே பழக்கம் பண்ணாதீங்க.”

“மாட்யூல்தான்மா போயிருக்கு” என்றேன். பார்ட் போய்விட்டது என்று நான் சொல்லி, அதைக் கேட்டு ஒருவர் கும்பிட்டது அதுதான் முதல் தடவை.

“எதனாலணா போச்சு?”

“சூடு. காத்து போவல.”

அவர் தரையில் கிடந்த உறையைப் பார்த்தார். எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“தூசி படக்கூடாதுன்னு அவரு ஒரு வாரம் குந்தி தெச்சாரு” என்றார். இதைக் கழற்றியே வைங்கமா என்று சொல்லவேண்டியது என் வேலை. சொல்லாமல் கிளம்பிவிட்டேன். மாதனூர் தாண்டும்வரை அதுவே மனசில் உறுத்திக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு பலகை கைக்கு வந்தது. போய்ப் பார்த்தால் உறை மேஜை மேல் மடித்து வைத்திருந்தது. விரித்துக் காட்டினார். முதுகுப் பக்கம், டிவியில் எங்கெங்கே காற்றுத் துளை இருந்ததோ அங்கெல்லாம் தோலைச் சதுரமாக வெட்டி எடுத்து, ஓரம் பிரியாமல் மடித்துத் தைத்திருந்தார். வெட்டுகிற கை என்பதால் ஒரு கோடுகூடக் கோணவில்லை.

“இது போதுமாணா?”

“போதும்மா. தாராளமா போட்டுக்கலாம்.”

புதுப் பலகையைப் பொருத்தி, மூடி, உறையையும் போட்டு சுவரில் மாட்டினோம். வைஃபை வெள்ளையாக வந்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் டிவியின் முதுகைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். நன்றாகச் சூடேறின பிறகும் வரி மங்கவில்லை. ரிமோட்டை அவரிடம் கொடுத்தேன்.

“பாக்கறப்பவே ஃபோன்ல ஒரு காப்பி எடுத்து வச்சிடுங்கமா. டிவிய நம்பாதீங்க” என்றேன். ஃபோனை டிவிக்கு நேராகப் பிடித்தார். “நீங்களே புடிங்கணா” என்று கொடுத்துவிட்டு, திரைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து ஒரு வீடியோவைப் போட்டார்.

ஏலகிரி ஏரி. படகுத்துறைப் பக்கம் இவர் நிற்கிறார், மஞ்சள் புடவை, கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு. நான் அந்த மீசைக்காரர் எப்போது வருவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவேயில்லை. குரல்தான் வந்தது.

“கொஞ்சம் இந்தப் பக்கம் வா. ஏரி தெரியணும். ஆங், அப்படியே நில்லு.”

“ஒண்ணுலயும் அவரு இல்லணா” என்று திரும்பாமலேயே மெல்லச் சொன்னார். “எல்லாத்துலயும் நான்தான்.”

என் மூச்சுச் சத்தம் பதிவில் விழுந்துவிடக்கூடாது என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன். பையில் என் ஃபோன், அடுத்துப் போகவேண்டிய வீட்டுக்காரரின் அழைப்பில் அதிர்ந்துகொண்டே இருந்தது. திரையில் இவர் சிரித்து, போதும் என்று கையாட்டினார்.

“போதுமா? நிறுத்திடவா?” என்றது குரல்.

“வேணாம். நிறுத்தாத” என்றார், தரையில் உட்கார்ந்திருந்தவர்.

வீடியோ முடிந்து திரை பழையபடி பட்டியலுக்கு வந்தது. அவர் பேசினதும் பதிவில் விழுந்துவிட்டதே, அழித்துவிட்டு மறுபடி எடுக்கட்டுமா என்று கேட்டேன்.

“இருக்கட்டும்ணா” என்றார்.